"நிரந்தரம் என்றால் செர், தற்காலிகம் என்றால் எஸ்தார்": இந்த விதியை நம்பி ஐந்து தவறுகள்

காகிதப்படகு

வணக்கம். ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. நேற்று ஒரு பயிற்சித் தாள் திரும்பி வந்தது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம். ஸ்பானிஷில் "இரு" என்ற பொருளுக்கு செர், எஸ்தார் என்று இரண்டு வினைகள். அந்த இடத்தில் செர் வினையின் வடிவமா எஸ்தார் வினையின் வடிவமா என்று பார்த்து நிரப்ப வேண்டும். வகுப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்த விதியை அப்படியே பின்பற்றினேன்: மாறாத ஒன்றுக்கு செர், மாறக்கூடிய ஒன்றுக்கு எஸ்தார். பத்தில் ஐந்து தவறு. கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தாலும் இவ்வளவுதான் கிடைத்திருக்கும் என்பது வருத்தமாக இருக்கிறது.

தவறிய ஐந்தையும் கீழே தருகிறேன். எல்லோருக்கும் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஒலிப்பைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். எஸ், சோன் இரண்டும் செர் வினையின் வடிவங்கள்; எஸ்தா, எஸ்தான் இரண்டும் எஸ்தார் வினையின் வடிவங்கள்.

1. எல் ஆர்போல் தெல் பாத்தியோ ____ முவெர்தோ. முற்றத்து மரம் செத்துவிட்டது என்று பொருள். நான் எழுதியது "எஸ்". திருத்தம் "எஸ்தா".

2. லா கோன்ஃபெரென்சியா ____ என் எல் சலோன் கிராந்தே. சொற்பொழிவு பெரிய அறையில். நான் எழுதியது "எஸ்தா". திருத்தம் "எஸ்".

3. நோ கோம்ப்ரெஸ் எசாஸ் மன்சானாஸ், தோதவியா ____ வெர்தேஸ். அந்த ஆப்பிள்களை வாங்காதே, இன்னும் பச்சை. நான் எழுதியது "சோன்". திருத்தம் "எஸ்தான்".

4. தோதோஸ் செ துவெர்மென் என் சு கிளாசே. எசெ ப்ரொஃபெசோர் ____ முய் அபுர்ரீதோ. அவர் வகுப்பில் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். அடுத்த பகுதி ஆசிரியருக்கு அலுப்பாக இருக்கிறது என்று நினைத்து "எஸ்தா" எழுதினேன். திருத்தம் "எஸ்".

5. மி எர்மானோ ____ முய் தெல்காதோ. என் சகோதரன் மிகவும் ஒல்லி. நான் எழுதியது "எஸ்". திருத்தம் "எஸ்தா".

முதல் வாக்கியம்தான் என்னை உலுக்கியது. சாவைவிட நிரந்தரமானது எது? அதற்கே எஸ்தார் என்றால், இந்த விதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

---

வேர்தேடி

நண்பரே, அந்த விதியை விட்டுவிடுங்கள். நம் தமிழிலேயே இதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. வாக்கியத்தை இயல்பான தமிழில் சொல்லிப் பாருங்கள். "இருக்கிறது", "இருக்கிறார்" என்று முடிந்தால் எஸ்தார். வினையே இல்லாமல் முடிந்தால் செர்.

"அவர் ஆசிரியர்." வினை இல்லை, ஆகவே எஸ் ப்ரொஃபெசோர். "அவர் அறையில் இருக்கிறார்." ஆகவே எஸ்தா. உங்கள் முதல் வாக்கியம் "மரம் பட்டுப்போய் இருக்கிறது", எஸ்தா. இரண்டாவது "சொற்பொழிவு பெரிய அறையில்". இங்கே "இருக்கிறது" என்று யாரும் சொல்ல மாட்டோம், ஆகவே எஸ்.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. எஸ்தார் என்பது லத்தீனின் "ஸ்தாரே" என்ற வினையிலிருந்து வந்தது. அதன் பொருள் நிற்றல். ஸ்பானிஷில் "நிலை" என்பதற்கான "எஸ்தாதோ" என்ற சொல் அந்த வினையோடு பிறந்தது. தமிழிலும் "நில்" என்பதிலிருந்துதான் "நிலை" வருகிறது. இரண்டு மொழிகளும் ஒரே வழியில் சிந்தித்திருக்கின்றன என்பதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

---

புதுநடை

எனக்கும் இதே குழப்பம் இருந்தது. "எனக்குப் பசியாக இருக்கிறது" என்று சொல்ல "எஸ்தோய் ஆம்ப்ரே" என்று எழுதி அடி வாங்கினேன். "தெங்கோ ஆம்ப்ரே", அதாவது பசியைக் கொண்டிருக்கிறேன் என்று வர வேண்டுமாம். "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்பதற்கும் "தெங்கோ" தான். "மேசை மேல் ஒரு புத்தகம் இருக்கிறது" என்றால் "ஐ உன் லீப்ரோ". ஆக நம் ஒரே "இருக்கிறது" அங்கே நான்காகப் பிரிகிறது. முதலில் இந்த நான்கையும் பட்டியல் போட்டுப் படியுங்கள்.

---

காகிதப்படகு

புதுநடை, நன்றி. ஆனால் நான் கேட்டது தமிழிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றுவது பற்றி அல்ல. என் தாளில் வாக்கியம் முழுவதும் ஸ்பானிஷில் அச்சாகியிருக்கிறது. செர், எஸ்தார் இரண்டைத் தவிர வேறு வினைக்கு அங்கே இடமே இல்லை. அச்சிலுள்ள வாக்கியத்தைப் படித்து எது என்று எப்படி முடிவு செய்வது என்பதுதான் என் கேள்வி.

வேர்தேடி, உங்கள் முறையைத் தாளிலிருந்த மற்ற வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். ஆறாவது "மரியா ____ ஆல்தா". தமிழில் "மரியா உயரமாக இருக்கிறாள்". உங்கள் கணக்குப்படி எஸ்தா. ஆனால் நான் "எஸ்" என்று எழுதி அது சரியென்று குறியும் வாங்கியிருக்கிறேன்.

---

செங்காந்தள்

பதினோரு ஆண்டுகளாக ஸ்பானிஷ் கற்பிக்கிறேன். இந்த ஐந்தும் ஒவ்வொரு ஆண்டும் என் மேசைக்கு வரும் தவறுகள் என்பதால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன், மற்றவற்றுக்கான சாவி அதில்தான் இருக்கிறது. "இடம் என்றால் எஸ்தார்" என்று எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அது பொருள்களுக்கும் ஆட்களுக்கும் ஊர்களுக்கும் சரி. மலை நகராது, ஆனாலும் அது எங்கே என்று சொல்ல எஸ்தார்தான். நிரந்தரக் கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது. ஆனால் சொற்பொழிவு ஒரு பொருள் அல்ல, ஒரு நிகழ்வு. நிகழ்வு ஓர் இடத்தில் கிடப்பதில்லை, நடக்கிறது. நடக்கும் இடத்தைச் சொல்ல ஸ்பானிஷ் செர் வினையைக் கேட்கிறது.

இதை நன்றாகக் காட்டும் சொல் "எக்ஸாமென்", தேர்வு. இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

எல் எக்ஸாமென் ____ என் லா மேசா.
எல் எக்ஸாமென் ____ என் எல் ஆவுலா சிங்கோ, அ லாஸ் நுவேவே.

முதலாவதில் தேர்வு மேசை மேல். மேசை மேல் தேர்வு நடக்காது, ஆகவே இது வினாத்தாள், காகிதம். எஸ்தா. இரண்டாவதில் ஐந்தாம் எண் அறை, ஒன்பது மணிக்கு. மணி சொல்லிவிட்டதால் இது நிகழ்வு. எஸ். எழுவாய் ஒரே சொல், எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். எழுவாயை மட்டும் பார்த்தோ "இடம்" என்ற ஒரு குறிப்பை மட்டும் பார்த்தோ இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. வாக்கியத்தைக் கடைசி வரை படித்து, இது காகிதமா நிகழ்வா என்று மனத்தில் ஒரு படம் வந்த பிறகே கோட்டில் கை வைக்க வேண்டும்.

"அ லாஸ் நுவேவே" என்ற மணி இல்லாமல் அந்த வாக்கியம் வந்திருந்தால்? இரண்டுமே இலக்கணப்படி நிற்கும். வினாத்தாள்கட்டு அந்த அறையில் வைக்கப்பட்டிருக்கிறது என்றால் எஸ்தா, தேர்வு அங்கே நடக்கிறது என்றால் எஸ். நல்ல பயிற்சித் தாள் அந்த மணியைத் தற்செயலாகச் சேர்ப்பதில்லை.

தமிழில் உதவி வேண்டுமென்றால், கோடிட்ட இடத்தில் "நடக்கிறது" என்று வைத்துப் படியுங்கள். பொருள் தங்குதடையில்லாமல் வந்தால் செர்.

இப்போது மரம். செத்துப்போனது நிரந்தரமா என்று மொழி கேட்பதே இல்லை. அந்த மரம் உயிரோடிருந்தது, பிறகு ஏதோ நடந்தது, இப்போது இந்த நிலையில் நிற்கிறது. ஒரு மாற்றம் முடிந்து மிஞ்சிய நிலை என்றால் எஸ்தார். உடைந்த கண்ணாடி மறுபடி ஒட்டவே போவதில்லை, ஆனாலும் "எஸ்தா ரோத்தோ". தமிழில் பாருங்கள்: பட்டுப்போய்விட்டது, உடைந்துவிட்டது, மூடியிருக்கிறது. அந்த "விட்டது", "இருக்கிறது" ஆகியவற்றில் நாமும் இதையே குறிக்கிறோம். எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது நம் மொழியிலும் அங்கே பேச்சில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். இளமை போய்விடும், மாணவப் பருவம் முடிந்துவிடும். ஆனால் "எஸ் ஹோவென்", "எஸ் எஸ்துதியாந்தே" என்று இரண்டுக்கும் செர். ஒருவர் இன்னார், இத்தகையவர் என்று அடையாளம் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

---

வேர்தேடி

"நடக்கிறது" என்ற சோதனை என் முறையைவிடத் தெளிவு. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மரியாவின் உயரத்தில் நான் எங்கே வழுக்கினேன்? "இருக்கிறாள்" என்று தமிழ் சொல்கிறதே.

---

செங்காந்தள்

தமிழில் பண்பைச் சொல்ல நமக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். "உயரமாக இருக்கிறாள்" என்றும் சொல்கிறோம், "உயரமானவள்" என்றும் சொல்கிறோம். "ஆக இருக்கிறாள்" என்ற வடிவம் நிலை, இயல்பு இரண்டுக்கும் பொதுவாக வருகிறது, அதனால் அது எதையும் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது "ஆனவள்", "ஆனது" என்ற வடிவம். "மரியா உயரமானவள்" என்று தயங்காமல் சொல்ல முடிகிறது, ஆகவே எஸ் ஆல்தா. "மரியா களைப்பானவள்" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துழைக்காது. ஆகவே எஸ்தா கான்சாதா.

இதுவும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. மனநிறைவைச் சொல்லும் "கோந்தேந்தோ" என்ற சொல்லோடு "மனநிறைவானவர்" என்று தமிழில் சொல்லலாம். ஆனால் ஸ்பானிஷில் அது எஸ்தாரோடுதான் வரும். "ஃபெலீஸ்" என்ற சொல்லோ இரண்டோடும் வரும். ஆகவே இதை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

லத்தீன் வேரைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். நினைவில் நிறுத்த அது நல்ல உதவி, நிகழ்வு எங்கேயும் "நிற்பதில்லை" என்பதோடுகூட அது பொருந்துகிறது. ஆனால் செர் வினையின் வடிவங்களில் லத்தீனில் "உட்காருதல்" என்ற பொருளுடைய ஒரு வினையும் கலந்திருக்கிறது. வேரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நிற்பதற்கும் உட்காருவதற்கும் இடையே மாட்டிக்கொள்வீர்கள்.

---

காகிதப்படகு

அக்கா, மிகவும் நன்றி. மரமும் சொற்பொழிவும் புரிந்துவிட்டன. ஆப்பிளும் ஆசிரியரும் இன்னும் புரியவில்லை. பச்சை ஆப்பிள் என்பது அதன் நிறம்தானே? "பச்சையானது" என்று சொல்ல முடிகிறதே.

---

செங்காந்தள்

நிறம் என்று நினைத்தால் உங்கள் விடை சரி. "லாஸ் மன்சானாஸ் சோன் வெர்தேஸ்" என்று தனியாக வந்திருந்தால் நானே முழு மதிப்பெண் தந்திருப்பேன். அது பச்சை நிற ஆப்பிள் வகை. ஆனால் உங்கள் வாக்கியம் தனியாக வரவில்லை. முன்னால் "வாங்காதே" என்று ஒரு கட்டளை, நடுவில் "தோதவியா", இன்னும். நிறத்துக்காக ஒருவர் வாங்காதே என்பாரா? அதைவிட முக்கியமானது அந்த "இன்னும்". இன்னும் என்றால் வேறொன்றாக ஆகப்போகிறது, அது இன்னும் ஆகவில்லை. அப்படியானால் இங்கே "வெர்தே" என்றால் நிறம் அல்ல, பழுக்காதது, காய். தமிழில் இந்த வாக்கியத்துக்குப் "பச்சை" என்ற சொல்லே தேவையில்லை. "அந்த ஆப்பிள்களை வாங்காதே, இன்னும் காயாகவே இருக்கின்றன."

நீங்கள் "வெர்தே என்றால் பச்சை" என்று மனத்துக்குள் மாற்றிவிட்டு, அந்தத் தமிழ்ச் சொல்லை வைத்து வினையைத் தேடினீர்கள். அங்கேதான் வழி தவறியது. வினையையும் பண்புச்சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும். செர் வெர்தே ஒரு பொருள், எஸ்தார் வெர்தே வேறு பொருள்.

ஆசிரியர் வாக்கியமும் இதே மாதிரிதான். "அபுர்ரீதோ" செர் வினையோடு வந்தால் அலுப்பூட்டுபவர், எஸ்தார் வினையோடு வந்தால் அலுத்துப்போயிருப்பவர். யாருக்கு அலுப்பு என்று வாக்கியத்திலேயே தேடுங்கள். எல்லோரும் தூங்குகிறார்கள். அலுப்பு மாணவர்களுடையது, அதை உண்டாக்குபவர் ஆசிரியர். ஆகவே எஸ். அதே சொல் இப்படி வந்திருந்தால்: லோஸ் நீன்யோஸ் நோ தியேனென் கோன் கியென் ஹுகார், ____ அபுர்ரீதோஸ். குழந்தைகளுக்கு விளையாட ஆளில்லை. அலுப்பு அவர்களுடையது. எஸ்தான்.

இத்தகைய இரட்டைப் பொருள் சொற்கள் பயிற்சித் தாள்களில் திரும்பத் திரும்ப வருபவை ஏழெட்டுதான். "லீஸ்தோ" செர் வினையோடு புத்திசாலி, எஸ்தார் வினையோடு தயார். "மாலோ" செர் வினையோடு கெட்டவர், எஸ்தார் வினையோடு உடல்நலமில்லாதவர். "ரீகோ" ஆளைப் பற்றி செர் வினையோடு வந்தால் செல்வந்தர், உணவைப் பற்றி எஸ்தார் வினையோடு வந்தால் சுவையானது. பட்டியலாக மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஓடக்காரன்

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். என்னுடன் வேலை செய்யும் நண்பர் மெக்சிகோவில் பிறந்து வளர்ந்தவர். அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசும்போது "லா காசா எஸ்தா சிகீத்தா" என்கிறார். வீடு சிறியது என்று பொருள். வீடு சுருங்கியா போய்விட்டது? எந்த மாற்றமும் நடக்கவில்லை, எதோடும் ஒப்பிடவும் இல்லை. சிறுவயது நினைவுகளைச் சொல்லும்போதும் "குவாந்தோ எஸ்தாபா சீகோ" என்றே தொடங்குகிறார். நான் சிறுவனாக இருந்தபோது என்று பொருள். செங்காந்தள் அவர்கள் இளமைக்கு செர் என்கிறார். தாய்மொழியாகப் பேசுகிறவரே இப்படிச் சொல்லும்போது இந்தச் சோதனைகளுக்கு என்ன மதிப்பு? பேசுகிறவர்களைக் கேட்டுப் பழகுவதே வழி என்று நான் நம்புகிறேன்.

---

செங்காந்தள்

உங்கள் நண்பர் தவறாகப் பேசவில்லை. மெக்சிகோவில் அளவையும் வயதையும் சொல்லும் பண்புச்சொற்களோடு எஸ்தார் பரவலாக வருகிறது, ஸ்பெயினில் செர் வருமிடத்திலும்கூட. அங்கே அது இயல்பான பேச்சு. ஸ்பெயினில் ஒருவர் "லா காசா எஸ்தா..." என்று சிறுமையைப் பற்றித் தொடங்கினால், கேட்பவர் ஏதோ மாறியிருக்கிறது என்று எதிர்பார்ப்பார்.

ஆனால் உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. நண்பர் சொற்பொழிவைப் பற்றிப் பேசும்போது "எஸ்தா என் எல் சலோன்" என்று சொல்கிறாரா, கேட்டுப் பாருங்கள். காய் ஆப்பிளுக்கு "சோன்" என்கிறாரா? எல்லை நகர்ந்திருப்பது ஒரு சிறு பகுதியில்தான். பொருள் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அங்கேயும் அப்படியேதான் நடக்கிறது.

---

ஓடக்காரன்

இன்று மதியம் கேட்டேன். சொற்பொழிவுக்கு "எஸ்" என்று யோசிக்காமல் சொன்னார், காய்க்கு "எஸ்தான்". அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காகிதப்படகு மெக்சிகோ ஆசிரியரிடம் படித்து, வீட்டைப் பற்றிய வாக்கியம் தாளில் வந்தால் எதை எழுதுவது? அதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

---

காகிதப்படகு

என் ஆசிரியர் எந்த நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கிறேன்.

ஐந்தாவது வாக்கியத்தை யாரும் தொடவில்லையே. "மி எர்மானோ ____ முய் தெல்காதோ." முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. "ஒல்லியானவன்" என்று தாராளமாகச் சொல்ல முடிகிறது. அப்படியிருக்க எனக்கு எப்படி "எஸ்தா" தோன்றியிருக்கும்?

---

செங்காந்தள்

தோன்றியிருக்க வேண்டிய அவசியமில்லை. அந்த வாக்கியத்தில் இரண்டுமே சரி. "எஸ் தெல்காதோ" என்றால் அவன் உடல்வாகு அப்படி. "எஸ்தா தெல்காதோ" என்றால் நான் அறிந்த அல்லது எதிர்பார்த்த சகோதரனோடு ஒப்பிட்டால் இப்போது ஒல்லியாகத் தெரிகிறான், இளைத்துவிட்டான். "என் அப்பாவைப் போல" என்று பின்னால் ஒரு சொல் வந்திருந்தால் செர். "காய்ச்சலுக்குப் பிறகு" என்று வந்திருந்தால் எஸ்தார். எதுவும் வராத வாக்கியத்தில் ஒரு விடையை மட்டும் சரியென்று திருத்துவது நியாயமில்லை. உங்கள் விடையைத் தவறு என்று நான் குறித்திருக்க மாட்டேன்.

---

வேர்தேடி

இதில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன், செங்காந்தள். "முய்" என்று அழுத்திச் சொல்லும்போது பேசுகிறவருக்கு ஒரு வியப்பு இருக்கிறது. "மிகவும் ஒல்லியாக இருக்கிறானே" என்ற தொனி. ஆசிரியர் அதை வைத்துத்தான் எஸ்தா என்று திருத்தியிருக்க வேண்டும்.

---

செங்காந்தள்

"முய்" அதைத் தீர்மானிக்காது. "எஸ் முய் ஆல்தோ" என்று ஒருவரின் உயரத்தை அமைதியாக விவரிக்கும்போதும் அதே "முய்" வருகிறது. வியப்பைக் காட்ட வேண்டுமென்றால் வாக்கியம் வியப்புக்குறியோடு, "கே குவாப்போ எஸ்தாஸ்" என்பது போல வரும். இன்று எவ்வளவு அழகாகத் தோன்றுகிறாய் என்று பொருள். அங்கே நான் எஸ்தார்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஆசிரியர் மனத்தில் என்ன இருந்தது என்பதைத் தாளிலிருந்து நம்மால் படிக்க முடியாது, அவரிடமே கேட்க வேண்டும்.

---

காகிதப்படகு

அடுத்த தாளையும் எடுத்து, இந்த முறையில் நான்கு வாக்கியங்களைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் என் காரணத்தையும் எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

அ. லா ரெயூனியோன் ____ என் மி ஒஃபிசீனா, பெரோ மி ஒஃபிசீனா ____ லெஹோஸ். கூட்டம் என் அலுவலகத்தில், ஆனால் அலுவலகம் தொலைவில். கூட்டம் நடக்கிறது, ஆகவே எஸ். அலுவலகம் ஒரு கட்டடம், அது தொலைவில் இருக்கிறது, ஆகவே எஸ்தா. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆ. மார்த்தா ____ லீஸ்தா; போதேமோஸ் சாலீர். "நாம் கிளம்பலாம்" என்று தொடர்வதால் மார்த்தா தயார், புத்திசாலி அல்ல. எஸ்தா.

இ. லா புவெர்தா ____ செர்ராதா போர் எல் போர்தேரோ தோதாஸ் லாஸ் நோசேஸ். மூடிய கதவு, ஒரு மாற்றம் முடிந்த நிலை. எஸ்தா.

ஈ. மி தியோ ____ காசாதோ. என் மாமா திருமணமானவர். இதில் தடுமாறுகிறேன். "திருமணமானவர்" என்று "ஆனவர்" வடிவம் வருகிறது, ஆகவே செர். "திருமணம் ஆகிவிட்டது" என்று "விட்டது" வடிவமும் வருகிறது, ஆகவே எஸ்தார்.

---

செங்காந்தள்

அ, ஆ இரண்டும் காரணத்தோடு சரி.

இ தவறு. ஆனால் தவறிய இடத்தைப் பாருங்கள், "செர்ராதா" என்ற சொல்லோடு நின்றுவிட்டீர்கள். அதற்குப் பிறகு "போர் எல் போர்தேரோ", காவலாளியால். அதற்கும் பிறகு "ஒவ்வோர் இரவும்". செய்பவர் வந்துவிட்டார், ஒவ்வோர் இரவும் நடக்கும் செயலும் வந்துவிட்டது. அங்கே கதவின் நிலை பேச்சில்லை, மூடும் செயல்தான் பேச்சு. ஆகவே எஸ். தமிழில் இது மிகத் தெளிவாகப் பிரிகிறது: "கதவு மூடியிருக்கிறது" என்றால் எஸ்தா செர்ராதா, "கதவு காவலாளியால் மூடப்படுகிறது" என்றால் எஸ் செர்ராதா. காவலாளியையும் இரவுகளையும் வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால் நீங்கள் எழுதியது சரியாகிவிடும்.

ஈ விஷயத்தில் உங்கள் தடுமாற்றம் நியாயமானது. "எஸ் காசாதோ" என்றும் சொல்கிறார்கள், "எஸ்தா காசாதோ" என்றும் சொல்கிறார்கள். இன்ன பிரிவைச் சேர்ந்தவர் என்று பார்த்தால் முதலாவது, மணமான நிலையில் இருக்கிறார் என்று பார்த்தால் இரண்டாவது. பேச்சில் எஸ்தார் அதிகம் காதில் விழுகிறது என்பது என் அனுபவம். "இன்னாரோடு மணமானவர்" என்று துணையின் பெயர் பின்னால் வந்தால் நான் எஸ்தார்தான் எழுதுவேன்.

---

புதுநடை

நான் முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னியுங்கள். ஆனால் அந்த அலுவலக வாக்கியத்தைப் பார்த்ததும் ஒன்று தோன்றுகிறது. "வகுப்பு எங்கே?" என்று ஒருவர் கேட்டால் வகுப்பறையைக் கேட்கிறாரா, வகுப்பு நடக்கும் இடத்தைக் கேட்கிறாரா? தமிழிலேயே அது எனக்குத் தெளிவில்லை.

---

செங்காந்தள்

நல்ல கேள்வி. ஸ்பானிஷில் "லா கிளாசே" என்ற சொல்லுக்கும் அதே இரண்டு பொருள்கள் உண்டு. "தோந்தே எஸ் லா கிளாசே" என்றால் பாடம் எங்கே நடக்கிறது. "தோந்தே எஸ்தா லா கிளாசே" என்றால் அந்த அறை எந்தப் பக்கம். கேட்பவர் வினையைத் தேர்ந்தெடுக்கும்போதே எதைக் கேட்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறார்.

---

காகிதப்படகு

ஆசிரியரிடம் ஐந்தாவது வாக்கியத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டும் சரிதான் என்று ஒப்புக்கொண்டு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தார். "இளைத்துவிட்டான்" என்ற பொருளை மனத்தில் வைத்து எழுதிய வாக்கியமாம், ஆனால் அதைக் காட்டும் சொல்லைச் சேர்க்க மறந்துவிட்டாராம். வேர்தேடி, "முய்" பற்றியும் கேட்டேன். சிரித்துவிட்டு, அதை அடுத்த வகுப்பில் பேசலாம் என்றார்.

அவர் பின்பற்றுவது ஸ்பெயின் வழக்கு. ஓடக்காரன், வீட்டைப் பற்றிய வாக்கியம் வந்தால் நான் "எஸ்" என்று எழுதுவேன். உங்கள் நண்பரிடம் பேசினால் அவர் சொல்வதுபோலவே சொல்வேன்.

மாமா வாக்கியத்துக்கு "எஸ்தா" என்று எழுதிவிட்டு, ஓரத்தில் என் இரண்டு காரணங்களையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். தாள் வெள்ளிக்கிழமை திரும்பி வரும்.